காசியில் ஒரு கிளாஸ் பாங்: காசிக்குப் போகும் நம்மவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து சிவராத்திரியை ஒட்டிக் காசிக்குப் போகும் குழுக்களைக் கூட்டிச் செல்கிறவர்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. செருப்பை எங்கே கழற்றுவது, படகுக்கு எவ்வளவு கொடுப்பது, பணப்பையை எப்படி மறைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே பாலில் கலந்து நீட்டப்படும் பாங் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கஞ்சா என்ற சொல்லை முதியவர்கள் முன் உச்சரிக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் அந்த முதியவர்கள்தான்.

பாங் என்பது கஞ்சா இலையை அம்மியில் விழுதாக அரைத்த உருண்டை. அதைப் பால், சர்க்கரை, பாதாம், பெருஞ்சீரகம், மிளகு சேர்த்த தண்டாயில் கரைத்துக் கொடுக்கிறார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவும் காயும் சேராத வெறும் இலையைக் கஞ்சா என்ற வரையறைக்குள் கொண்டுவரவில்லை. அதனால் காசியில் உரிமம் பெற்ற கடைகளிலேயே பாங் விற்கிறது. கடையில் விற்பதாலும் சிவனின் பெயர் சொல்லிக் கொடுப்பதாலும் நம்மவர்கள் அதை மோர் போல நினைத்துவிடுகிறார்கள்.

கெடுதல் பெரும்பாலும் இரண்டாவது கிளாசில்தான் தொடங்குகிறது. புகைத்தால் போதைச் சரக்கு நுரையீரல் வழியே சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். குடித்தால் வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலுக்குள் நுழைந்த பிறகுதான் உடலெங்கும் பரவும். ஈரல் அதில் ஒரு பகுதியை மூளைக்குள் இன்னும் எளிதாக நுழையும் வேறொரு பொருளாக மாற்றியும் விடுகிறது. ஆகவே முதல் அறிகுறி தெரியவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். உச்சம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வரும். முழுதாக இறங்க ஆறு, எட்டு மணி நேரம் பிடிக்கும். சிலருக்கு அடுத்த நாளும் தலை பாரமாக இருக்கும்.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து "ஒன்றும் செய்யவில்லையே, இன்னொன்று தாருங்கள்" என்று கேட்பவரின் வயிற்றில் முதல் கிளாஸ் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. இரண்டும் சேர்ந்து ஏறும்போது அவர் படித்துறையில் நிற்பார், அல்லது சன நெரிசலில் சிக்கியிருப்பார்.

வயிறு நிறையப் பூரி சாப்பிட்டவருக்கு அது மெதுவாக ஏறும். அன்று விரதம் இருக்கும் அவருடைய மனைவிக்கு அதே கிளாஸ் விரைவில் ஏறலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அளவு தீர்மானிப்பது வீண். கிளாசுக்குக் கிளாசும் ஒன்றல்ல. அந்தச் சரக்கு தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பானையைக் கலக்காமல் மொண்டால், அடியில் தங்கிய விழுது கடைசியாக வாங்குகிறவருக்குப் போகும்.

அளவு எழுதி ஒட்டிய பொருளிலேயே இது எப்படி முடிந்தது என்று பாருங்கள். 2014 மார்ச்சில் அமெரிக்காவின் கொலராடோவில் 19 வயது இளைஞர் ஒருவர் கஞ்சா சேர்த்த பிஸ்கட் ஒன்றை உண்டார். அதில் இருந்த போதைச் சரக்கு 65 மில்லிகிராம், ஒரு வேளைக்கு உரியது 10. கடைக்காரர் சொன்னபடி முதலில் ஒரு துண்டுதான் சாப்பிட்டார். அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் ஒன்றும் தெரியவில்லை என்று மிச்சம் முழுவதையும் தின்றார். பிறகு பேச்சு தடுமாறியது, மூர்க்கம் வந்தது. மிச்சத்தைத் தின்ற இரண்டரை மணி நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அவருக்காவது அளவு தெரிந்திருந்தது. காசியின் உருண்டையில் எவ்வளவு இருக்கிறது என்பது அரைத்தவருக்கே தெரியாது.

குடிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இருதய நோய், இரத்த அழுத்த மாத்திரை, முன்பு மனநோய் என்று எதுவும் உள்ளவர்களுக்கு அதில் பேச்சுக்கே இடமில்லை. மறுத்தால் தெய்வக் குற்றமாகாது. குடித்துவிட்டவர் அன்று இரண்டாவது கிளாசைத் தொடவே கூடாது, மதுவும் கூடாது.

நெஞ்சு படபடப்பு, வாய் உலர்தல், நேரம் நகராதது போன்ற உணர்வு, "நான் சாகப் போகிறேன்" என்ற பயம், இவைதான் அளவு மிஞ்சியதன் அடையாளங்கள். புளிக்கரைசலும் எலுமிச்சையும் ஏறியதை இறக்க மாட்டா. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மயக்கத்தில் புரையேறும். சத்தமில்லாத இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தாலோ, ஒரு குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வெட்கப்பட்டு "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லாதீர்கள். என்ன குடித்தார், எத்தனை கிளாஸ், எத்தனை மணிக்கு என்று சொன்னால்தான் உச்சம் இனி வரப்போகிறதா, தாண்டிவிட்டதா என்று மருத்துவர் கணிக்க முடியும்.