“பார்த்துட்டு சொல்லுங்க” என்று மட்டும் எழுதி ஆவணத்தை அனுப்பாதீர்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மழைக்கால அவசரத் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை நடக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த ஊர்கள் இவை. அந்தத் திட்டத்தில் ஒரு வரி தப்பாக இருந்தால் அது தெரியவரும் நேரம், இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்கும் நேரம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தை எழுதுபவர் பெரும்பாலும் பாதுகாப்புப் பிரிவில் ஒருவர். 12 பக்கம் எழுதி முடித்ததும் வாட்ஸப் குழுவில் பிடிஎஃப் கோப்பைப் போட்டு, “மழைக்காலத் திட்டம் வரைவு. எல்லாரும் பார்த்துட்டு சொல்லுங்க சார்” என்று எழுதுகிறார். ஐந்து பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். ஒருவர் “சூப்பர்” என்கிறார். இன்னொருவர் மூன்றாம் பக்கத்தில் ஒற்று விட்டுப்போனதைச் சொல்கிறார். எட்டுப் பேருக்குப் போன கோரிக்கை யாருக்கும் போகாத கோரிக்கை. அடுத்தவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லாதபோது கண்ணுக்கு முதலில் படுவது எழுத்துப்பிழைதான், அதைத்தான் சொல்வார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தத் திட்டத்தின் ஐந்தாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “வளாகத்துக்குள் தண்ணீர் வந்ததும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.” படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரை வெளியேற்றும் பம்பும் அதே மெயினில் ஓடினால், அணைத்த நிமிடமே பம்பும் நின்றுவிடும். இது எலக்ட்ரிக்கல் பொறுப்பாளருக்கு மட்டும்தான் தெரியும். ஏழாம் பக்கத்தில், ஸ்டோரின் கீழ்த்தட்டில் சோடியம் ஹைட்ரோசல்பைட் டிரம்கள் என்று இருக்கிறது. சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்பார்களே, அதுதான். ஈரம் பட்டாலே சூடேறும், தீயும் பிடிக்கும், கந்தக வாயு கிளம்பும். அது கீழ்த்தட்டில் இருக்கக்கூடாது என்று ஸ்டோர் பொறுப்பாளர் ஒரே வரியில் சொல்லிவிடுவார், ஏழாம் பக்கம் வரை அவர் வந்தால்.

ஆகவே குழுவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு செய்தி எழுதுங்கள். எலக்ட்ரிக்கல் பொறுப்பாளருக்கு இப்படிப் போகலாம்:

“சார், மழைக்காலத் திட்டத்தின் வரைவு 3 அனுப்பியிருக்கேன். நீங்க பார்க்க வேண்டியது 5-ஆம் பக்கமும் 6-ஆம் பக்கமும் மட்டும், அரை மணி நேரம் ஆகும். ரெண்டு கேள்வி. ஒண்ணு, மின்சாரத்தை அணைக்கிற வரிசை சரியா? எதை அணைச்சா எது சேர்ந்து நிக்கும்? ரெண்டு, ஜெனரேட்டர் மேடை 60 செ.மீ. உயரம்னு எழுதியிருக்கேன். 2015-ல தண்ணீர் அங்க எதுவரைக்கும் வந்துச்சு, இந்த உயரம் போதுமா? பக்க அமைப்பு, எழுத்துப்பிழை இப்ப வேண்டாம், கடைசியில பார்த்துக்கறேன். 19-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்குள்ள அந்தந்த வரியிலேயே கமென்ட் போட்டுடுங்க. திங்கட்கிழமை காலையில திருத்த உட்காருவேன்.”

இதில் நான் முக்கியமாக நினைப்பது “வேண்டாம்” என்ற சொல். எதைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னால்தான் படிப்பவருக்கு வேலை சிறியதாகிறது. 12 பக்கம் என்றால் தள்ளிவைப்பார், இரண்டு பக்கம் என்றால் டீ குடிக்கும் நேரத்தில் திறப்பார். அடுத்தது, கேள்வியை ஆம், இல்லை என்று முடிக்க முடியாதபடி கேட்பது. “வரிசை சரியா?” என்று மட்டும் நிறுத்தினால் “சரி” என்று வரும். “எதை அணைச்சா எது சேர்ந்து நிக்கும்?” என்று கேட்டால் அவர் ஒருமுறை பேனல் முன்னால் போய் நின்று பார்ப்பார்.

தேதிக்கு வருவோம். “முடிஞ்சவரை சீக்கிரம்” என்பது தேதி ஆகாது. “இந்த வாரத்துக்குள்” என்பதும் ஆகாது, ஒருவருக்கு வாரம் வெள்ளியோடு முடிகிறது, இன்னொருவருக்கு ஞாயிறோடு. தேதியைப் பின்னாலிருந்து எண்ணி எடுக்க வேண்டும். திட்டத்தின் ஒத்திகை செப்டம்பர் 26 சனிக்கிழமை என்றால், அச்சடித்து ஒட்ட 24-உம் 25-உம் வேண்டும். மேலாளர் கையெழுத்துக்கு 23. கருத்துகளைச் சேர்த்துத் திருத்த 21-உம் 22-உம். அப்படியானால் கருத்து வந்து சேர வேண்டிய நாள் 19. அனுப்ப வேண்டியது 15-ஆம் தேதியே, ஏனென்றால் ஷிஃப்டில் இருப்பவருக்கு இரவு வேலையும் வார விடுப்பும் போக ஒரு பகலாவது கையில் கிடைக்க வேண்டும். சி ஷிஃப்ட் முடித்துக் காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவரிடம் அன்று மதியத்துக்குள் கேட்பது நியாயமில்லை.

மேலதிகாரிக்குத் தேதி போடப் பலருக்குத் தயக்கம். “முடிஞ்சா பாருங்க சார்” என்று முடித்துவிடுவார்கள். மரியாதையும் தேதியும் ஒரே வரியில் இருக்கலாம்: “சார், சனிக்கிழமை 4 மணிக்குள்ள உங்க கருத்து வந்தா புதன்கிழமை கையெழுத்துக்குக் கொண்டு வந்துடுவேன்.” காரணம் சேர்ந்து வருவதால் இது உத்தரவு போலவும் ஒலிக்காது.

பதில் வராவிட்டால் என்ன என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். இங்கே நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். தொலைபேசிப் பட்டியல், அட்டை வடிவம் மாதிரி விஷயங்களுக்கு “பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்” போதும். மின்சாரம் அணைப்பது, ரசாயனம் வைக்கும் இடம் இவற்றுக்கு மௌனம் சம்மதம் ஆகவே ஆகாது. 18-ஆம் தேதி ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். 19 மாலை தாண்டினால் நேரில் போய் அந்த இரண்டு பக்கத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அதிலும் முடியாவிட்டால் ஒத்திகையைத் தள்ளுங்கள்.

கருத்து வரும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கூகுள் டாக்ஸ் இணைப்பு, கமென்ட் போடும் அனுமதியோடு. பிடிஎஃப் சுற்றினால் ஒருவர் வரைவு 2-இலும் இன்னொருவர் வரைவு 3-இலும் திருத்துவார், மூன்றாமவர் குரல் பதிவு அனுப்புவார். கணினி பழக்கமில்லாத செக்யூரிட்டி பொறுப்பாளருக்குத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள், அவர் சொன்னதை நீங்களே கமென்டாக ஏற்றுங்கள். இரவில் பின் கேட் சாவி யாரிடம் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டு பேர் நேர்எதிராகச் சொல்வதும் நடக்கும். ஸ்டோர்காரர் டிரம்களை மேல்தட்டுக்கு ஏற்றச் சொல்வார், பராமரிப்பில் இருப்பவர் தட்டு அந்த எடையைத் தாங்காது என்பார். அதை நீங்களாகவே நடுவில் வெட்டி எழுதாமல், இருவரையும் அதே கமென்டில் சேர்த்து, முடிவு சொல்பவர் யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

திருத்தி முடித்த அன்றே ஆளுக்கு இரண்டு வரி போக வேண்டும்: “சார், பம்பை ஜெனரேட்டர் லைனுக்கு மாத்துறது பற்றி நீங்க சொன்னதை 5-ஆம் பக்கத்தில சேர்த்துட்டேன். மேடையை உயர்த்துறது இந்த மழைக்குள்ள முடியாதுன்னு மேலாளர் சொல்லிட்டார், அதனால ஜெனரேட்டரைச் சுத்தி மணல் மூட்டை அடுக்கற வேலையை 6-ஆம் பக்கத்தில எழுதியிருக்கேன்.”