பேக்கேஜ் அட்டவணையில் டிக் வேண்டாம், எண்ணைப் போடுங்கள்

சேவை விற்கிறவர்களின் இணையதளத்தில் விலைப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பக்கத்தில் பக்கத்தில் மூன்று பேக்கேஜ். பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம். கீழே வரிசை வரிசையாகப் பச்சை டிக். நடுவில் இருப்பதற்கு மட்டும் ஒரு கலர் பட்டை, அதில் "அதிகம் பேர் எடுப்பது". பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எது போதும் என்று அதைப் பார்த்து முடிவெடுக்க முடிகிறதா என்றால், பல நேரம் இல்லை. கடைசியில் போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் அட்டவணை எதற்கு?

இந்த மாதிரிப் பக்கங்களை அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் விவரமாகவே புலம்புகிறேன்.

டிக் என்பது "உண்டா, இல்லையா" என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சேவை பேக்கேஜ்களுக்குள் இருக்கும் வித்தியாசமோ பெரும்பாலும் அந்த வகை இல்லை. எவ்வளவு, எத்தனை தடவை, எவ்வளவு சீக்கிரம், அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. அதை டிக்கால் சொல்ல முடியாது.

இணையதளப் பராமரிப்பை எடுத்துக்கொள்வோம். தளத்தை ஒருவர் கட்டிக் கொடுத்த பிறகு, மாதா மாதம் பார்த்துக்கொள்ள மூன்று பேக்கேஜ் வைக்கிறார். அட்டவணையில் "உள்ளடக்க மாற்றங்கள்" என்று ஒரு வரிசை, மூன்றிலும் டிக். "பேக்கப்" மூன்றிலும் டிக். "உதவி" மூன்றிலும் டிக். "முன்னுரிமை உதவி" கடைசியில் மட்டும் டிக். இதைப் படிக்கிறவர், "எல்லாம் ஒன்றுதானே, எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்" என்று முதல் பேக்கேஜை எடுப்பார். அவர் மேல் தப்பே இல்லை, அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.

இப்போது அதே நான்கு வரிசையை டிக் இல்லாமல் எழுதிப் பாருங்கள். மாற்றங்கள்: மாதம் 1 மணி நேர வேலை, 4 மணி நேரம், 8 மணி நேரம். பேக்கப்: வாரம் ஒரு தடவை, தினமும், தினமும். உதவி கேட்டால் பதில்: 2 வேலை நாளுக்குள், 1 வேலை நாளுக்குள், விடுமுறை நாளிலும் 4 மணி நேரத்துக்குள். "முன்னுரிமை" என்ற வரிசையே தேவையில்லை, மேலே சொன்னதற்குள் அது அடங்கிவிட்டது. பேக்கப்பில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. பேக்கப் எடுத்து வைப்பது வேறு, தளம் படுத்துவிட்டால் அதிலிருந்து மீட்டுக் கொடுப்பது வேறு. முதல் பேக்கேஜில் எடுத்து மட்டும் வைப்பார்கள், மீட்க வேண்டுமென்றால் தனிக் காசு என்றால், அதற்கு ஒரு வரிசை வேண்டும். தளம் படுத்த அன்றைக்குத் தெரியவேண்டிய விஷயம் இல்லை அது.

எண்ணைப் போட்டவுடன் இன்னொரு நல்ல காரியமும் நடக்கிறது. விற்கிறவருக்கே தன் விலை சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. மூன்று பேக்கேஜின் மாத விலை 100, 220, 450 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அளவுக்கு மேல் வேலை இருந்தால் மணிக்கு 50.

மாதம் 3 மணி நேர வேலை உள்ள ஒருவர் முதல் பேக்கேஜ் எடுத்தால் 100, கூடுதல் 2 மணிக்கு 100, மொத்தம் 200. நடுப் பேக்கேஜ் 220. ஆக நேரத்தை மட்டும் பார்த்தால் அவருக்கு முதலாவதே லாபம். 4 மணி நேரம் என்றால் முதலாவது 250 ஆகிவிடுகிறது, நடுவில் அதே 220. இரண்டும் சமமாகும் இடம் 3 மணி 24 நிமிடம். இதுவரை நியாயமாகத்தான் இருக்கிறது. வேலை கூடக் கூட நடுப் பேக்கேஜுக்கு ஆட்கள் தானாக வருவார்கள்.

கடைசிப் பேக்கேஜுக்கு வாருங்கள். மாதம் 8 மணி நேரம் தேவைப்படும் ஒருவர் நடுப் பேக்கேஜ் எடுத்து, கூடுதல் 4 மணிக்கு 200 கொடுத்தால் மொத்தம் 420. பிரீமியம் 450! 9 மணி என்றால் 470-க்கு 500. 20 மணி வரை போனாலும் அந்த 30 வித்தியாசம் அப்படியே தொடரும். வேலை நேரம் என்ற கணக்கில் மட்டும் பார்த்தால், பிரீமியம் யாருக்கும் எப்போதும் லாபம் கிடையாது. டிக் போட்ட அட்டவணை இதை இரண்டு பேரிடமிருந்தும் மறைத்துவிடுகிறது. கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் வந்து கேட்டால் விற்கிறவர் திணறுவார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. விலையை 420-க்குக் கீழே கொண்டுவரலாம். அல்லது அந்தக் கூடுதல் 30 எதற்கு என்று சொல்லலாம்: விடுமுறை நாளிலும் 4 மணி நேரத்தில் பதில். தளம் வழியாகத் தினமும் ஆர்டர் எடுக்கிறவருக்கு அது 30-க்கு மேலேயே பெறும். மாதம் ஒரு தடவை போட்டோ மாற்றுகிறவருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் பிரீமியத்தில் முதல் வரிசையாக வரவேண்டியது மணி நேரம் இல்லை, பதில் வரும் வேகம். எந்த வரிசைக்காக ஒருவர் அடுத்த பேக்கேஜுக்கு ஏறுவாரோ அது மேலே இருக்கட்டும். மூன்றிலும் ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் அட்டவணையை விட்டே எடுத்து, கீழே ஒரே வாக்கியத்தில் "இவை எல்லாவற்றிலும் உண்டு" என்று எழுதிவிடலாம். அட்டவணை நீளமாக இருந்தால் மதிப்பாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இந்தத் தொழிலில் ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மேலே நான் போட்ட கணக்கு எல்லாமே ஒரு வரியை நம்பி நிற்கிறது, கவனித்தீர்களா? "அளவுக்கு மேல் மணிக்கு 50." பெரும்பாலான விலைப் பக்கங்களில் காணாமல் போவது இந்த வரிதான். மீந்த நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, போகாதா என்பதும் அப்படியே. இந்த இரண்டும் இல்லாமல் யாராலும் தன் மாதச் செலவைக் கணக்குப் போட முடியாது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதால் உண்மையிலேயே முடிவு மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு. கிறிஸ்டோபர் ஷீ 1996-ல் வெளியிட்டது. இரண்டு பழைய இசை அகராதிகள். ஒன்றில் 10,000 சொற்கள், புத்தகம் புதுசு போல இருக்கிறது. இன்னொன்றில் 20,000 சொற்கள், அட்டை மட்டும் கிழிந்திருக்கிறது. ஒன்றை மட்டும் காட்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டபோது, அட்டை கிழியாததற்கே ஆட்கள் அதிக விலை சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது கதை தலைகீழ். 20,000 சொல் அகராதிக்கு விலை ஏறிவிட்டது. காரணம் எளிது. இசை அகராதியில் 10,000 சொல் என்பது அதிகமா குறைவா என்று தனியாகப் பார்க்கிறவருக்குத் தெரியாது. கிழிந்த அட்டை மட்டும் யாருக்கும் தெரியும்.

"மாதம் 4 மணி நேரம்" என்பதும் அந்த அகராதி மாதிரிதான். தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது, 1-க்கும் 8-க்கும் நடுவில் படித்தால் அர்த்தம் வந்துவிடும். பேக்கேஜுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கும் தளங்களில் வாடிக்கையாளர் விலையை மட்டும் வைத்து முடிவெடுப்பது இதனால்தான். தனியாகப் பார்த்தாலும் புரிகிற ஒரே எண் அது.

செல்போனில் இதே பிரச்சினை வேறு வேஷத்தில் வருகிறது. கணினியில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற மூன்று பேக்கேஜும் போனில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கப்படும். மூன்றாவதைப் படிக்கும்போது முதலாவதில் எத்தனை மணி நேரம் என்பது மறந்துபோகும். ஒப்பீடு அங்கேயே செத்தது. வரிசைகளைக் குறைத்துவிட்டால் சின்னத் திரையிலும் அட்டவணையை அட்டவணையாகவே காட்டலாம், பேக்கேஜ் பெயரும் விலையும் உள்ள மேல் வரிசை `position: sticky` வைத்து நின்றுகொண்டே இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க அட்டவணையைச் சுற்றி `overflow-x: auto` போட்டிருந்தால், பக்கத்தைக் கீழே உருட்டும்போது அந்த மேல் வரிசை நிற்காது. நிற்பதற்கான எல்லையாக அந்தச் சுற்றுப் பெட்டியை உலாவி எடுத்துக்கொள்ளும். என் டெவலப்பர் நண்பர்கள் பாதிப் பேர் இதில் ஒரு மாலையைத் தொலைத்திருப்பார்கள். டிக்கைப் படமாக வைத்து மாற்று உரை கொடுக்காமல் விட்டால், திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறவருக்கு அந்தக் கட்டத்தில் உருப்படியாக ஒன்றும் கேட்காது. "4 மணி நேரம்" என்று எழுதியிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

நடுவில் இருக்கும் "அதிகம் பேர் எடுப்பது" பட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இட்டமார் சைமன்சனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கேமராக்களைக் காட்டியபோது ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். இன்னும் விலை கூடிய மூன்றாவதைச் சேர்த்ததும் நடுவில் இருந்ததைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் எடுத்தார்கள். மூன்று இருந்தால் கை நடுவுக்குப் போகும். அதனால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்தே ஒரு பிரீமியத்தை நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே பார்த்த 450 பேக்கேஜ் கவனக்குறைவா, கணக்குப் போட்டு வைத்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எண்கள் எல்லாம் தெரியும்படி இருந்தால் வாங்குகிறவர் தானே கண்டுபிடித்துவிடுவார், எனக்கு அது போதும். அதிகம் பேர் எடுப்பது உண்மையென்றால் பட்டையைப் போடுங்கள். இல்லையென்றால் "மாதம் 4 மணி நேரம் வரை வேலை உள்ளவர்களுக்கு" என்று யாருக்கானது என்பதை எழுதுங்கள்.

"விலையைப் போட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார்" என்பார்கள். வாடிக்கையாளர் மாதிரி ஒரு போன் போட்டால் அவருக்கு இப்போதே தெரிந்துவிடுமே. "ஒவ்வொரு வேலையும் வேறு மாதிரி, முன்கூட்டி விலை சொல்ல முடியாது" என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. பழைய தளத்தைப் புதிதாக மாற்றிக் கட்டுவது அப்படிப்பட்டதுதான். அதை இந்த அட்டவணைக்குள் திணிக்க வேண்டாம். அதற்குக் கீழே தனியாக, இத்தனையிலிருந்து ஆரம்பம், பக்கங்களின் எண்ணிக்கை, பழைய தகவல்களை மாற்றி ஏற்றும் வேலை, யார் எழுதித் தருவது என்ற இந்த மூன்றாலும் விலை கூடும் என்று எழுதினால், பேச வருகிறவர் அந்த மூன்றுக்கும் பதிலைக் கையோடு கொண்டுவருவார்.