கோலப் படத்தை எழுத்தில் சொல்வது எப்படி

கோலப் படத்தைப் போட்டு, கீழே "5 புள்ளி, 1 வரை" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். இது பாதிக் குறிப்புதான். நேர்ப்புள்ளியா இடுக்குப்புள்ளியா என்று சொல்லாவிட்டால் அந்த ஒரே வரிக்கு இரண்டு கோலங்கள் வரும். நேர்ப்புள்ளி என்றால் 1, 3, 5, 3, 1 என ஐந்து வரிசை, மொத்தம் 13 புள்ளி. இடுக்குப்புள்ளி என்றால் 1 முதல் 5 வரை ஒவ்வொன்றாக ஏறி அப்படியே இறங்கும், ஒன்பது வரிசை, 25 புள்ளி. அதனால் எல்லா வரிசையின் எண்ணிக்கையையும் எழுதிவிடுவதே நல்லது. சில எண்கள்தானே!

படத்தில் எது என்று கண்டுபிடிக்க, ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையில் புள்ளி இருக்கிறதா, இல்லை இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். நின்றபடி சாய்வாக எடுத்த படத்தில் தூரத்து வரிசைகள் நெருங்கித் தெரியும். ஆகவே இடைவெளியைக் கண்ணால் அளக்காமல் எண்ண மட்டும் செய்யுங்கள். படத்தில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதை முதல் வரிசையாக வைத்து, புள்ளிகளை இடமிருந்து எண்ணினால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடும். 1-3-5-3-1இல் நடுப்புள்ளி மூன்றாம் வரிசையின் மூன்றாவது.

சிக்குக் கோலத்தில் கோட்டை வர்ணிக்கப் போனால்தான் வம்பு. "இப்படி வளைந்து அப்படிச் சுற்றி" என்று எழுதியதை வைத்து யாராலும் போட முடியாது. கோட்டை விட்டுவிட்டு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சொல்லுங்கள். அங்கே மூன்றில் ஒன்றுதான் நடக்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகலாம், இது குறுக்கு. இரண்டு புள்ளிக்கும் நடுவே வந்து முட்டாமல் திரும்பிப் போகலாம், இது அடைப்பு. நடுவே வராமல் இரண்டு புள்ளியையும் சேர்த்து வளைத்துப் போகலாம், இது திறப்பு. (இந்தப் பெயர்கள் என் வசதிக்கு வைத்தவை. நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் சொல்லிவிட்டால் போதும்.) பெரும்பாலான இடங்கள் குறுக்காக இருந்தால் "எல்லாம் குறுக்கு" என்று எழுதிவிட்டு, மாறும் இடங்களை மட்டும் முகவரியோடு சொன்னால் முடிந்தது.

அதே 13 புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 8, மேல்கீழாக 8 என மொத்தம் 16 இடைவெளி. எல்லாம் குறுக்கு என்றால் மூன்று தனி இழை வரும். முதல் இழை மூலையில் நிற்கும் சதுரம் போல ஓடி, நான்கு நுனிப் புள்ளிகளையும் ஒவ்வொரு கண்ணியாகச் சுற்றித் திரும்பும். இரண்டாம் வரிசையிலும் நான்காம் வரிசையிலும் ஓரத்தில் உள்ள புள்ளிகள் இந்தச் சதுரத்துக்கு வெளியே நிற்கும். இரண்டாவது இழை நீள்வட்டம். இரண்டாம் வரிசை வலக்கோடிப் புள்ளி, நடுப்புள்ளி, நான்காம் வரிசை இடக்கோடிப் புள்ளி மூன்றும் அதற்குள் இருக்கும். மூன்றாவது இழை அதன் எதிர்மூலை ஜோடி.

போட்டு முடித்தவர் இழைகளை எண்ணினால் தவறு எங்கே என்று ஓரளவு பிடிபடும். உள்ளே இருக்கும் 12 இடைவெளிகளில் ஏதோ ஒன்றில் குறுக்கு விடுபட்டால், இரண்டு இழை ஒன்றாகி மொத்தம் இரண்டே மிஞ்சும். நுனியில் அடைப்பாகிவிட்டால் அந்தப் புள்ளி தனி வட்டமாகப் பிரிந்து நான்காகும்.

ஆனால் இழை எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள நான்கு இடைவெளியும் அடைப்பானால் நடுவில் தனி வட்டம் வரும். வெளியே இரண்டு இழை பின்னிக்கொண்டு ஓடும். அப்போதும் மொத்தம் மூன்றுதான், கோலமோ வேறு! காட்டிக்கொடுப்பது குறுக்குகளின் எண்ணிக்கை. முதல் கோலத்தில் 16, இதில் 12. அதனால் குறிப்பின் கடைசியில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: "இழை 3, குறுக்கு 16".

மேலே எடுத்த கோலத்துக்கு முழுக் குறிப்பு இவ்வளவுதான்:

நேர்ப்புள்ளி 1-3-5-3-1. எல்லாம் குறுக்கு, மாற்றமில்லை. இழை 3, குறுக்கு 16.

நடுவில் தனி வட்டம் உள்ளதற்கு:

நேர்ப்புள்ளி 1-3-5-3-1. நடுப்புள்ளியின் நான்கு பக்கமும் அடைப்பு, மற்றதெல்லாம் குறுக்கு. இழை 3, குறுக்கு 12.

வண்ணம் நிரப்பிய கோலத்துக்கு இந்த வழி ஒத்துவராது. பொடிக்கு அடியில் புள்ளி மறைந்திருக்கும். அதற்கு, நிரப்புவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்தால்தான் உண்டு.