ஒத்ததிர்வில் மின்னெதிர்ப்பு பூஜ்யம் ஆகாது

“தொடர் ஒத்ததிர்வில் Z = 0, கட்டக் கோணம் 90°. இயற்பியல் தாளில் இப்படியே எழுதுங்கள், முழு மதிப்பெண்.”

டர்பன், சாட்ஸ்வொர்த் டியூஷன் குழுக்களில் சுற்றும் இந்த ஃபார்வர்டில் இரண்டுமே தவறு. ஒத்ததிர்வில் XL, XC ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன, சரி. ஆனால் மின்தடை எங்கும் போய்விடுவதில்லை. Z = √(R² + (XL − XC)²) என்பதில் அடைப்புக்குள் இருப்பது பூஜ்யமானால் மிஞ்சுவது R. கோணம் 0°.

ஒரு கணக்கு: 12 V மாறுதிசை மின்னழுத்தம், 0.5 H தூண்டி, 20 µF மின்தேக்கி, சுருள் கம்பியின் மின்தடையும் சேர்த்து R = 20 Ω. ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 50.3 Hz. அங்கே Z = 20 Ω, மின்னோட்டம் 0.6 A. Z பூஜ்யமென்றால் மின்னோட்டத்துக்கு எல்லையே இருக்காது. எந்த ஆய்வகத்திலும் அப்படி நடப்பதில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். XL, XC இரண்டும் தலா 158 Ω. அதனால் மின்தேக்கியின் குறுக்கே மட்டும் மல்டிமீட்டர் வைத்தால் 95 V காட்டும், மூலம் 12 V-தான் என்றாலும். (வெறும் 12 வோல்ட்தானே என்று தொட்டுவிடாதீர்கள்.) அந்த 95 V மின்னோட்டத்துக்கு 90° பின்தங்குகிறது, தூண்டியின் மின்னழுத்தம் 90° முந்துகிறது. 90° என்பது தனித்தனி உறுப்புக்கு; முழுச் சுற்றுக்கு அல்ல.

அதிர்வெண்ணை 40 Hz ஆக்கினால் Z சுமார் 76 Ω, மின்னோட்டம் ஏறத்தாழ 75° முந்தும். அப்போதும் 90° வராது.

பாடநூலில் தொடர் சுற்றின் கட்ட விளக்கப்படத்தைப் பார்த்தாலே இது தெரியும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.