'பல்' 'பல' ஆன கதை

தமிழில் பொருள் விவரங்களை ஃபீடாக அனுப்புகிறவர்கள் à® என்று வரிசையாகக் குப்பை வந்தால் உடனே பதறுகிறார்கள். அது நல்லதுதான், UTF-8 கோப்பை வேறு என்கோடிங்கில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட்டில் தமிழ் இல்லை. இவை இரண்டும் கண்ணில் படுகிற தவறுகள், எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். என் கவலையெல்லாம் சத்தமே போடாத தவறைப் பற்றித்தான்.

நான் பார்த்த ஒரு ஃபீடில் தலைப்புக்கு 30 என்று எல்லை வைத்திருந்தார்கள். பொருளின் பெயர் 'குழந்தைகளுக்கான பாதுகாப்பான பல் துலக்கும் பிரஷ்'. வெட்டிய பிறகு வந்தது 'குழந்தைகளுக்கான பாதுகாப்பான பல…'. எழுத்து எதுவும் உடையவில்லை, ஆனால் பல் போய் 'பல' வந்துவிட்டது. காரணம் எளிது. நமக்கு 'பல்' இரண்டு எழுத்து, யூனிகோடுக்கு ப, ல, புள்ளி என்று மூன்று குறியீடு. முப்பதாவது குறியீடு ல, புள்ளி முப்பத்தொன்றாவது. கத்தி சரியாக நடுவில் விழுந்தது.

பைட் கணக்கில் வெட்டினாலாவது � வரும், தேடிப் பிடித்துவிடலாம் (தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு UTF-8-இல் 3 பைட், அதனால் 32 பைட்டில் வெட்டினால் பத்து குறியீடு முழுசாகவும் இரண்டு பைட் அநாதையாகவும் நிற்கும்). குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் தடயமே கிடையாது. வெட்டப்பட்ட பெயரை மட்டும் எத்தனை முறை சோதித்தாலும் அது செல்லுபடியான தமிழ்தான். அதனால் மூலப் பெயரை எடுத்து, வெட்டு விழுந்த இடத்துக்கு அடுத்து என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 30-ஐத் தாண்டுகிற பெயர்களுக்கு மட்டும் இந்த ஒரு வரி போதும்:

```python
unicodedata.category(s[30]).startswith("M")
```

True வந்தால் அடுத்து இருந்தது புள்ளி அல்லது கால், கொம்பு மாதிரி ஒரு குறி, அதாவது எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறோம். மிச்சத்தை விவரத்தில் தொடர்கிற ஃபீடாக இருந்தால் அந்தப் பக்கம் புள்ளிவட்டம் ◌ போட்டு, அதன் தலையில் ஒரு புள்ளி தனியாகத் தொங்கும், அதையும் கவனியுங்கள்.

சரி, எப்படி வெட்டுவது? பைத்தானின் regex தொகுப்பில் \X இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter இருக்கிறது, இரண்டும் 'ல்' என்பதை ஒரே துண்டாக எடுக்கும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், ஏனென்றால் 'க்ஷ', 'ஸ்ரீ' எல்லாம் அவற்றுக்கு இரண்டு துண்டு, 'க்' மட்டும் தங்கி 'ஷ' போய்விடும். அப்புறம் எழுத்து முழுசாக இருந்தாலும் பாதிச் சொல் பாதிச் சொல்தானே. எல்லைக்குள் வருகிற கடைசி இடைவெளி வரை பின்னால் போய், அங்கே வெட்டுங்கள். மேலே சொன்ன பெயரில் 'குழந்தைகளுக்கான பாதுகாப்பான' வரைதான் நிற்கும், பொருள் என்னவென்றே தெரியாது. அதனால் பொருளின் பெயரை முதலில் வைத்து, 'பல் துலக்கும் பிரஷ், குழந்தைகளுக்கானது' என்று மூலத்திலேயே மாற்றி எழுதச் சொல்லி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.