பழைய பேரில் ரசீது, புது ஆளிடம் கடை

“காரைக்குடியில் வாடகைதாரர் ஒருவர் தன் கோயில் கடையை 6 லட்சத்துக்குக் கைமாற்றித் தருகிறார். ரசீது அவர் பேரிலேயே ஓடட்டும் என்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள் ஐயா. கடை அறநிலையத் துறைக் கோயிலுடையது என்றால், குத்தகை உரிமையைக் கோயிலின் உத்தரவில்லாமல் அவரால் உங்களுக்குத் தர முடியாது. நீங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் கோயிலைக் கட்டுப்படுத்தாது.

பெரிய ஆபத்து வாடகையில்தான். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி, சந்தை நிலவரத்தை வைத்து நியாய வாடகை நிர்ணயிப்பார்கள். அதன்மேல் அறநிலையத் துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். கடிதம் பழைய வாடகைதாரர் பேருக்குப் போகும். 800 ரூபாய் வாடகை 5,000 ஆனால், மாதம் 4,200 நிலுவை ஏறும். இரண்டே வருடத்தில் 1,00,800 ரூபாய். உங்களுக்குத் தெரியவரும்போது கெடு முடிந்திருக்கும். குத்தகை ரத்தானால் 78-ஆம் பிரிவில் ஆக்கிரமிப்பாளர் என்று வெளியேற்றுவார்கள். 6 லட்சத்தைக் கோயிலிடம் கேட்க வழியில்லை, அந்தப் பணம் கோயிலுக்கு வரவே இல்லையே!

கடை வேண்டுமென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு கோயில் செயல் அலுவலரிடம் போங்கள். வாடகைக் கணக்கு எழுதும் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் பேருக்குக் குத்தகை உத்தரவு எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்று யாராவது காகிதம் காட்டினால், அதற்கு ஆணையர் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 34-ஆம் பிரிவுப்படி அது செல்லாது.