ஆப்பிள் சிடர் வினிகர் கம்மி: டப்பாவின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

எடை குறையும், சுகர் கட்டுப்படும் என்று சொல்லி விற்கிற ஆப்பிள் சிடர் வினிகர் கம்மி, அதாவது மெல்லும் ஜெல்லி மிட்டாய், உங்கள் வீட்டில் இருந்தால், டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் ஆப்பிள் படம்தான் இருக்கும். விஷயம் எல்லாம் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது.

வினிகரில் வேலை செய்கிற பொருள் அசிட்டிக் அமிலம். கடையில் வாங்குகிற வினிகரில் அது சுமார் 5 சதவீதம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி வினிகரில் ஏறக்குறைய 750 மில்லிகிராம் அசிட்டிக் அமிலம் இருக்கும். 2009இல் ஜப்பானில் இருந்து வெளியான, இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஆய்வில் பருமனானவர்களுக்குத் தினமும் 15 மில்லி அல்லது 30 மில்லி வினிகர் 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு எடை 1 முதல் 2 கிலோ குறைந்தது, அவ்வளவுதான். நிறுத்திய பிறகு எடை மறுபடி ஏறியது. ஆறேழு கிலோ குறைந்தது என்று 2024இல் லெபனானில் இருந்து வந்த ஆய்வை வைத்துத்தான் நிறைய வீடியோக்கள் போட்டார்கள். அந்தக் கட்டுரையை 2025 செப்டம்பரில் பத்திரிகையே திரும்பப் பெற்றுவிட்டது. புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கதாக இல்லை என்பதுதான் காரணம். வீடியோக்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆக, சாதகமாக எடுத்துக்கொண்டாலும் தினமும் 750 மில்லிகிராம் அசிட்டிக் அமிலத்துக்குக் கிடைக்கும் பலன் இவ்வளவுதான். இப்போது கம்மிக்கு வருவோம். பெரும்பாலான டப்பாக்களில் ஒரு கம்மிக்கு 500 மில்லிகிராம் ஆப்பிள் சிடர் வினிகர் என்று போட்டிருக்கும். 500 என்ற எண்ணைப் பார்த்ததும் மாத்திரை ஞாபகம் வந்து, பெரிய டோஸ் என்று தோன்றும். ஆனால் அது வினிகரின் எடை, அசிட்டிக் அமிலத்தின் எடை அல்ல. 5 சதவீத வினிகர் என்றால் அதில் அமிலம் வெறும் 25 மில்லிகிராம். தினம் இரண்டு சாப்பிட்டால் 50. ஒரு மேசைக்கரண்டி வினிகருக்கு ஈடாக 30 கம்மி சாப்பிட வேண்டும். சிலவற்றில் வினிகர் பவுடர் சேர்க்கிறார்கள். அசிட்டிக் அமிலம் எளிதில் ஆவியாகக் கூடியது, பவுடரில் எவ்வளவு மிஞ்சியது என்பது லேபிளில் தனியாகப் போட்டிருந்தால்தான் தெரியும். பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது சர்க்கரை. இது ருசிக்காக மேலே தூவிய சர்க்கரை இல்லை, கம்மியின் உடம்பே அதுதான். ஜாம் கிண்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பழத்தில் இருந்து எடுக்கிற பெக்டின் உறைந்து ஜெல்லியாக வேண்டுமானால் பாகில் கரைந்த பொருள் 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், புளிப்பும் வேண்டும். அதனால்தான் சர்க்கரையும் லிக்விட் குளுக்கோஸும் சேர்த்துப் பாகு காய்ச்சி, கடைசியில் சிட்ரிக் அமிலம் விட்டு அச்சில் ஊற்றுகிறார்கள். பொருள்களை எடை அதிகமானதில் இருந்து வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. பட்டியலில் முதலில் சர்க்கரையும் லிக்விட் குளுக்கோஸும், வினிகர் நடுவிலோ கடைசியிலோ வந்தால், நீங்கள் வாங்கியது என்ன என்று அந்த வரிசையே சொல்லிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேபிளில் ‘மொத்தச் சர்க்கரை’ வரியை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். லிக்விட் குளுக்கோஸில் பெரும்பகுதி நீளச் சங்கிலிகளாகக் கோத்த குளுக்கோஸ். லேபிள் கணக்கில் அது சர்க்கரை ஆகாது, கார்போஹைட்ரேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். குடலுக்குப் போனதும் சங்கிலி அறுந்து குளுக்கோஸாகவே ரத்தத்தில் ஏறும். மால்டோடெக்ஸ்ட்ரினும் இதே வகை. சுகர் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது கார்போஹைட்ரேட் வரியைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 கிராம் எடையுள்ள கம்மி, 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 78 கிராம், மொத்தச் சர்க்கரை 50 கிராம் என்று லேபிளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்மிக்கு சர்க்கரை 4 கிராம், கார்போஹைட்ரேட் 6 கிராமுக்கு மேல். தினம் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வது மாதிரி. ஜப்பான் ஆய்வின் குறைந்த அளவை எட்ட 30 கம்மி என்றால், 120 கிராம் மிட்டாய், 94 கிராம் கார்போஹைட்ரேட். சர்க்கரை ஏறாமல் இருக்க எடுத்த மருந்தே சர்க்கரையை ஏற்றிவிடும்.

சாப்பிடும் நேரமும் தப்பு. வினிகர் இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதனால் சோறு, இட்லி மாதிரி மாவுச்சத்துள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் ஓரளவு தணியும். காலை பத்து மணிக்கு வெறும் வாயில் மிட்டாய் மாதிரி மெல்லும் கம்மிக்குத் தடுக்க வேண்டிய சாப்பாடே எதிரில் இல்லை. உங்களுக்கு உதவுகிறதா என்று தெரிய வேண்டுமானால் குளுக்கோமீட்டரை நம்புங்கள். ஒரே காலை உணவு, ஒரே அளவு, மூன்று நாள் கம்மியோடு, மூன்று நாள் கம்மி இல்லாமல். சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்து எழுதி வையுங்கள். மாத்திரையை மட்டும் இதை நம்பி நீங்களாகக் குறைக்காதீர்கள், தயவுசெய்து.

பல்லுக்கு வருவோம். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். வினிகரைக் குடித்தால் பல் கெடும், கம்மி பத்திரம் என்று சொல்லியே விற்கிறார்கள். பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். பெக்டின் ஜெல்லி உறைவதே பிஎச் 3.5 பக்கத்தில். கம்மியில் வினிகர் குறைவுதான், ஆனால் சிட்ரிக் அமிலமும் சில சமயம் மாலிக் அமிலமும் இருக்கின்றன (லேபிளில் ஐஎன்எஸ் 330, 296 என்று எண்ணாக இருக்கும்). குடித்த வினிகர் நொடியில் வாயைத் தாண்டிவிடும். கம்மி கடைவாய்ப் பல்லின் குழிகளில் அப்பிக்கொண்டு உட்காரும். அமிலம் எனாமலை நேராகக் கரைக்க, ஒட்டியிருக்கும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியாவும் அமிலம் விடும். தேய்மானம், சொத்தை இரண்டும் ஒரே இடத்தில். ‘சுகர் ஃப்ரீ’ கம்மியில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற இனிப்பு போட்டிருந்தால் சொத்தை பயம் குறையும், அமிலத் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். அதிகம் சாப்பிட்டால் வயிறும் கலக்கும்.

எச்சில்தான் வாயின் அமிலத்தைத் தணிக்கிற காவல். சுகர் உள்ள பலருக்கு வாய் வறண்டிருக்கும், தூக்கத்தில் எல்லோருக்கும் எச்சில் குறையும். ஆகவே படுக்கப் போகும்போது கம்மி வேண்டவே வேண்டாம். சாப்பிட்டே ஆவேன் என்பவர்கள் சாப்பாட்டோடு சாப்பிட்டு, உடனே தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளியுங்கள். உடனே பிரஷ் எடுக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தால் சேர்ந்து தேய்ந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

தேய்மானம் எப்படித் தெரியும்? முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். முன்பல்லின் விளிம்பு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். உள்ளே இருக்கும் டென்டின் தெரிவதால் பல் மஞ்சளாகும். கடைவாய்ப் பல்லின் முனைகளில் சின்னக் கிண்ணம் மாதிரி குழி விழும். போன எனாமல் திரும்ப முளைக்காது. இதில் ஏதாவது தெரிந்தால் பல் டாக்டரிடம் போகும்போது கம்மி சாப்பிடுவதையும், எத்தனை மாதமாக, எந்த நேரத்தில் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் கம்மியைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.